கொழுந்தா, விலையா, எதை முதலில் வைப்பது? வி.ஏ.ஆர். மாதிரியின் வரிசைச் சிக்கல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருந்து பொருளியல் இறுதி ஆண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தேயிலையைத்தான் ஆய்வுக்கு எடுக்கிறார்கள். மாதாந்தக் கொழுந்து, கொழும்பு ஏல விலை, மழை என்ற மூன்றுக்குள் எது எதை அசைக்கிறது என்பதுதான் கேள்வி. கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நானே எடுத்தவை, எந்தத் தோட்டத்தின் புள்ளிவிவரமும் அல்ல.

"வி.ஏ.ஆர். என்றால் என்ன சேர்? சாதாரண பிற்செலவுதானே?"

பிற்செலவேதான், ஆனால் ஒன்றல்ல, ஒரு கூட்டம். ஒவ்வொரு மாறியையும் அதன் பழைய மாதங்களாலும் மற்ற மாறிகளின் பழைய மாதங்களாலும் விளக்குகிறோம். எது காரணம், எது விளைவு என்று முன்கூட்டியே பிரிப்பதில்லை. 1980இல் கிறிஸ்தோபர் சிம்ஸ் இதை முன்வைத்ததும் அதற்காகத்தான். அன்றைய பெரிய பொருளாதார மாதிரிகளில் "இந்த மாறி அந்தச் சமன்பாட்டில் வராது" என்று போட்டிருந்த கட்டுப்பாடுகளை அவர் நம்பத்தகாதவை என்று கண்டார். 2011இல் தோமஸ் சார்ஜெண்டுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

நம் உதாரணத்துக்கு இரண்டு மாறிகள் போதும். q என்பது கொழுந்து, p என்பது ஏல விலை. இரண்டும் அந்தந்த மாதத்தின் வழக்கமான அளவில் இருந்து எத்தனை சதவீதம் விலகின என்று அளந்தவை. ஒரு மாத லாக் மட்டும் வைக்கிறேன், அதாவது போன மாதத்தை மட்டும் பார்க்கிறோம்.

```
q(t) =  0.5 q(t-1) + 0.2 p(t-1) + u_q(t)
p(t) = -0.1 q(t-1) + 0.6 p(t-1) + u_p(t)
```

போன மாதம் விலை கூடினால் இந்த மாதம் கொழுந்து கொஞ்சம் கூடும், போன மாதம் கொழுந்து கூடினால் இந்த மாதம் விலை கொஞ்சம் இறங்கும். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

"மாதிரி ஓடிட்டுது, நல்லாத்தான் எதிர்வு கூறுது. பிறகு பிரச்சினை எங்கே?"

மீதிகளில் இருக்கிறது. u_q, u_p இரண்டும் பழைய மாதங்களால் விளக்க முடியாத மிச்சம், அதாவது இந்த மாதம் புதிதாக வந்த செய்தி. "விலையில் ஒரு அதிர்ச்சி வந்தால் கொழுந்து அடுத்த ஒரு வருடத்துக்கு எப்படிப் போகும்?" என்று கேட்பதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், தமிழில் அதிர்ச்சி எதிர்வினை. அதைக் கேட்க வேண்டுமானால் விலையை மட்டும் தனியாக அசைக்க வேண்டும். ஆனால் இரண்டு மீதிகளும் சேர்ந்தே அசைகின்றன.

u_q-இன் நியம விலகல் 4 சதவீதம், u_p-உடையது 2 சதவீதம், இரண்டுக்கும் இடையிலான இணைபு −0.5 என்று வையுங்கள். விலை எதிர்பாராமல் ஏறிய மாதங்களில் அநேகமாகக் கொழுந்தும் எதிர்பாராமல் குறைந்திருக்கிறது. இதில் எது எதைச் செய்தது என்பது சமன்பாடுகளில் எங்கும் இல்லை, ஏனென்றால் அவற்றில் இருப்பது பழைய மாதங்கள் மட்டும். ஒரே மாதத்துக்குள் நடந்ததெல்லாம் மீதிகளுக்குள் மூட்டை கட்டிக் கிடக்கிறது. மூட்டையைப் பிரிக்க மாதிரிக்கு வெளியே இருந்து ஒரு நியாயம் வேண்டும். இதைத்தான் இனங்காணல் என்கிறோம்.

"மீதிகளைப் பிரிக்கத்தானே சேர் சொலெஸ்கி முறை இருக்கு? மென்பொருளே செய்யுதே."

செய்கிறது, ஆனால் நீங்கள் நிரல்களை அடுக்கிய வரிசையைப் பார்த்துச் செய்கிறது. முதலில் இருக்கும் மாறியின் மீதி முழுக்க அதன் சொந்த அதிர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது மாறியின் மீதியில் முதலாவதோடு சேர்ந்து அசையும் பகுதியைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் இரண்டாவதின் அதிர்ச்சி என்கிறது. அதாவது முதலாவது இரண்டாவதை அதே மாதத்தில் அசைக்கலாம், இரண்டாவது முதலாவதை அதே மாதத்தில் அசைக்க முடியாது.

கொழுந்தை முதலில் வையுங்கள். கொழுந்து அதிர்ச்சி வந்தால் கொழுந்து 4 ஏறும், விலை −0.5 × 2, அதாவது 1 இறங்கும். விலையின் மாறற்றிறன் 4. அதில் கொழுந்து கொண்டுவந்தது 1 போக மீதம் 3, அதன் வர்க்கமூலம் 1.73. ஆகவே விலை அதிர்ச்சி வந்தால் விலை 1.73 ஏறும், கொழுந்து அந்த மாதம் 0.

இப்போது விலையை முதலில் வையுங்கள். விலை அதிர்ச்சி வந்தால் விலை 2 ஏறும், கொழுந்து −0.5 × 4, அதாவது 2 இறங்கும். கொழுந்தின் மாறற்றிறன் 16இல் 4 போக 12 மிஞ்சும், வர்க்கமூலம் 3.46. கொழுந்து அதிர்ச்சி வந்தால் கொழுந்து 3.46 ஏறும், விலை அந்த மாதம் 0.

இரண்டு வழியிலும் மீதிகளின் மாறற்றிறனும் இணைபும் அச்சொட்டாக அதேதான். பெருக்கிப் பாருங்கள்.

"வரிசையை மாத்தினா படம் கொஞ்சம் மேலே கீழே போகும், அவ்வளவுதானே?"

இல்லை. இங்கே கூட்டலா கழித்தலா என்ற அடையாளமே மாறுகிறது. விலை அதிர்ச்சிக்குக் கொழுந்து எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று மாதம் மாதமாகப் பார்ப்போம்.

கொழுந்து முதலில் என்றால், அதிர்ச்சி வந்த மாதம் 0. அடுத்த மாதம் 0.2 × 1.73, அதாவது 0.35 சதவீதம் கூடுதல். அதற்கடுத்த மாதம் 0.38. பிறகு மெல்ல மங்கும். படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி: விலை ஏறினால் தோட்டம் சற்றுத் தாமதித்துக் கொஞ்சம் கூடுதலாகக் கொழுந்து எடுக்கிறது.

விலை முதலில் என்றால், அதிர்ச்சி வந்த மாதமே −2. அடுத்த மாதம் 0.5 × (−2) + 0.2 × 2, அதாவது −0.6. அதற்கடுத்த மாதம் கிட்டத்தட்ட 0. மூன்றாவது மாதத்தில்தான் 0.17 என்று மேலே வருகிறது. செய்தி: விலை ஏறினால் தோட்டம் கொழுந்தைக் குறைக்கிறது!

தரவு ஒன்று, குணகங்கள் ஒன்று, அடுத்த மாதத்துக்கான எதிர்வுகூறல்கூட தசமப் புள்ளி வரை ஒன்று. மாறியது நிரல்களின் இடம் மட்டும். இரண்டாவது படத்தில் நடந்திருப்பது என்னவென்றால், மழை கெடுத்த மாதத்தில் கொழுந்து குறைந்து, அதனால் விலை ஏறியது. அந்தப் பழியை மாதிரி விலையின் தலையில் கட்டிவிட்டது.

மாறற்றிறன் பகுப்பிலும் இதே கதைதான். முதல் மாதக் கொழுந்தின் எதிர்வுகூறல் வழுவில் விலையின் பங்கு முதல் வரிசையில் 0 சதவீதம், இரண்டாவதில் 25 சதவீதம். "விலை அதிர்ச்சிகள் கொழுந்து மாற்றத்தின் கால்வாசியை விளக்குகின்றன" என்று ஒரு ஆய்வில் எழுதியிருந்தால், முதலில் அதன் வரிசையைத் தேடுங்கள்.

"எது சரியான வரிசை என்று தரவையே கேட்க முடியாதா? கிரேஞ்சர் சோதனை இருக்கே."

முடியாது, இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கிரேஞ்சர் சோதனை கேட்பது பழைய மாதங்களைப் பற்றி: போன மாத விலை இந்த மாதக் கொழுந்தை எதிர்வுகூற உதவுகிறதா? வரிசைச் சிக்கல் ஒரே மாதத்துக்குள் நடப்பதைப் பற்றியது. "விலை கொழுந்தைக் கிரேஞ்சர் முறையில் காரணப்படுத்துகிறது, ஆகவே விலையை முதலில் வைத்தேன்" என்று எழுதினால் ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் விடையைக் கொடுத்ததாகிவிடும்.

எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும். மீதிகள் தருவது மூன்று தகவல்: இரண்டு மாறற்றிறன், ஒரு இணைபு. அந்த மாதத்துத் தாக்கங்களோ நான்கு. ஒன்று குறைகிறது. எந்த ஒன்றை நீங்கள் இட்டு நிரப்பினாலும் மாதிரி ஒரே அளவு நன்றாகவே பொருந்தும். மாதிரிகளை ஒப்பிடும் AIC போன்ற அளவுகோல்களும் எல்லா வரிசைக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். மூன்று மாறி என்றால் மூன்று குறையும், நான்கு என்றால் ஆறு.

தரவு ஒன்றை மட்டும் சொல்லும்: வரிசை பற்றிக் கவலைப்பட வேண்டுமா, இல்லையா என்று. மீதிகளின் இணைபு சைபருக்குக் கிட்ட இருந்தால் எந்த வரிசையும் ஏறத்தாழ ஒரே படத்தைத் தரும். பத்து வருட மாதத் தரவு, அதாவது 120 மாதம் இருந்தால் 0.18ஐ ஒரு தோராயமான எல்லையாக வைக்கலாம், 2ஐ 120இன் வர்க்கமூலத்தால் வகுத்தது அது. நம்முடைய −0.5 அதற்கு மிக அப்பால்.

"படத்தில் ரெண்டு பக்கமும் நம்பிக்கைப் பட்டை இருக்கே. அது போதாதா?"

போதாது. பட்டை குணகங்களின் மதிப்பீட்டுத் தடுமாற்றத்தை மட்டும் காட்டுகிறது. உங்கள் வரிசை பிழையாக இருக்கலாம் என்பது அதற்குள் வராது. பிழையான வரிசையிலும் அழகான, ஒடுக்கமான பட்டை வரும்.

"அப்ப கொழுந்தை முதலில் வைக்க என்ன நியாயம் சொல்லலாம்?"

தோட்டத்தில் போய் நின்று பாருங்கள். காலையில் மலையில் எடுத்த கொழுந்து பகலும் பின்னேரமும் நிறுக்கப்பட்டு ஸ்டோருக்குப் போகிறது. இரவு முழுக்க வாட்டுகிறார்கள், மறுநாள் அரைத்துத் தூளாக்குகிறார்கள். நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தூள். பிறகு தூள் கொழும்புக்குப் போக வேண்டும், தரகர் மாதிரி எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும், வாங்குபவர்கள் சுவைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வாராந்த ஏலம். இதற்கெல்லாம் சில வாரங்கள் பிடிக்கும்.

இப்போது எதிர்த்திசையில் யோசியுங்கள். இந்த வாரம் ஏலத்தில் விலை ஏறியது என்று தோட்டத் துரைக்குச் செய்தி வருகிறது. இந்த மாதமே கூடுதல் கொழுந்து எடுக்க அவரால் என்ன செய்ய முடியும்? உரம் போட்டால் பலன் தெரியப் பல வாரம் ஆகும். செடியில் அரும்பு முதிர்வது அதன் கணக்கில், உயரத்தில் இன்னும் மெதுவாக. கையில் இருப்பது இரண்டு வழிதான். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் போட்டு எடுக்கலாம், அல்லது ரெண்டிலை ஒரு மொட்டு என்ற அளவைத் தளர்த்திச் சற்று முற்றின இலையையும் எடுக்கலாம். இரண்டும் சிறிய அசைவுகள். ஆகவே "விலை அதே மாதத்தில் கொழுந்தை அசைக்காது" என்பது முழு உண்மை இல்லாவிட்டாலும், உண்மைக்குக் கிட்ட நிற்கும் ஒரு கட்டுப்பாடு. "கொழுந்து அதே மாதத்தில் விலையை அசைக்காது" என்பதை நான் ஏற்க மாட்டேன். விற்பனைக்கு வரும் தூள் பழையதாக இருந்தாலும், மலையில் விளைச்சல் எப்படி என்ற செய்தி வாங்குபவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

காலாண்டுத் தரவு என்றால் இந்த நியாயம் உடைந்துவிடும். மூன்று மாதத்துக்குள் துரை விலையைப் பார்த்துப் பல முடிவுகளை எடுத்து முடித்திருப்பார். வாராந்தத் தரவு கிடைத்தால் நியாயம் இன்னும் உறுதியாகும். வரிசை என்பது மாறிகளின் குணம் அல்ல, தரவின் கால இடைவெளியோடு ஒட்டியது.

பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் இடங்களுக்கு இதை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். விலை நல்லதென்றால் அவர்கள் சில நாட்களிலேயே கூடுதலாகக் கொண்டுவரக்கூடும்.

"மழையையும் சேர்த்தால் பிரச்சினை தீருமா?"

பாதி தீரும், அந்தப் பாதி பெறுமதியானது. ஏல விலை மழையை வரவைக்காது, கொழுந்தும் வரவைக்காது. வரிசையில் மழையை முதலில் வைப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆபீசில் மழைமானியின் அளவைத் தினமும் எழுதி வைக்கும் தோட்டம் உங்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். தூரத்து வானிலை நிலையத்தின் எண்ணைவிட அது நல்லது, ஒரு மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் வெயில் அடிக்கும் ஊர் இது.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மழை முதலில் இருந்தால், மழை அதிர்ச்சிக்கான எதிர்வினைகள் பின்னால் உள்ளவற்றின் வரிசையைப் பொறுத்து மாறவே மாறாது. கொழுந்து, விலை என்று வைத்தாலும் விலை, கொழுந்து என்று வைத்தாலும் மழைக்கான படங்கள் ஒன்றே. காரணம் எளிது: முதல் மாறியின் தாக்கம் அதன் மீதிக்கும் மற்றவற்றின் மீதிக்கும் உள்ள உறவை மட்டும் கொண்டு கணக்கிடப்படுகிறது. உங்கள் ஆய்வுக் கேள்வி மழையைப் பற்றியது மட்டும் என்றால், கொழுந்தா விலையா என்ற சண்டையில் நீங்கள் இறங்கவே தேவையில்லை. எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாமல் ஆறு வரிசையையும் ஓட்டி இருபது படம் ஒட்டுகிறார்கள்.

ஆனால் விலை அதிர்ச்சியைப் பற்றிக் கேட்டால் பழைய சிக்கல் அப்படியே நிற்கும். மழையைக் கழித்த பிறகு மீதிகளின் இணைபு −0.5இல் இருந்து குறையலாம். எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

"மழை கொழுந்து வழியாக மட்டும்தான் விலையைத் தொடுகிறது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திம்புள்ளைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை குளிர்ந்த காய்ந்த காற்றடிக்கும் காலத்தில் கொழுந்து குறைந்தாலும் தூளின் வாசம் ஏறும், அதற்கே தனி விலை. ஊவாவில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. மழையின்மை தரத்தின் வழியாகவும் விலையைத் தொடுகிறது. மழையை முதலில் வைக்கும் வரிசை இதை அனுமதிக்கிறது, ஆனால் மழையைக் கருவி மாறியாக எடுத்து விலை மீது கொழுந்தின் தாக்கத்தை அளக்கப் போனால் இந்த வாசம் கணக்கைக் கெடுக்கும்.

"வரிசையே தேவையில்லாத பொதுமைப்படுத்திய முறை ஒன்று இருக்காமே?"

1998இல் பெசாரனும் ஷின்னும் தந்த முறை. வரிசையை மாற்றினால் விடை மாறாது என்பது உண்மை. ஆனால் அது ஒவ்வொரு மாறிக்கும் தருவது, அந்த மாறியை முதலில் வைத்தால் சொலெஸ்கி தரும் அதே விடையை. நம் எண்களில் விலை அதிர்ச்சிக்கு அது என்ன சொல்லும்? கொழுந்து −2. நாம் பிழை என்று தள்ளிய அதே படம். "விலை எதிர்பாராமல் ஏறிய மாதங்களில் வழக்கமாகக் கொழுந்து என்ன செய்திருக்கிறது?" என்பதற்கு அது நேர்மையான பதில். "விலை ஏறியதால் கொழுந்து என்ன செய்தது?" என்பதற்கு அல்ல.

"அடையாளத்தை மட்டும் கட்டுப்படுத்துவது எப்படி? அது நல்லதா?"

சைபர் என்று அடித்துச் சொல்லாமல் திசையை மட்டும் சொல்கிறோம். வாங்குபவர்களின் கேள்வி கூடுவதால் வரும் கேள்வி அதிர்ச்சி என்றால் விலையும் கொழுந்தும் இறங்கக் கூடாது. வழங்கல் அதிர்ச்சி என்றால் கொழுந்து ஏறும்போது விலை ஏறக் கூடாது. 2005இல் ஹரால்ட் ஊலிக் பணக் கொள்கைக்கு இப்படிச் செய்தார்.

நம் எண்களில் இந்த நிபந்தனைகளுக்குள் அடங்கும் விடைகளைக் கணக்கிட்டால், கேள்வி அதிர்ச்சிக்குக் கொழுந்தின் உடனடி எதிர்வினை 0இல் இருந்து 3.46 வரை எங்கும் இருக்கலாம். −2 வெளியே போய்விட்டது, அது நல்ல செய்தி. கொழுந்தை முதலில் வைத்த நம் விடை அந்த எல்லையின் ஓரத்தில், 0இல் நிற்கிறது. ஆனால் எல்லை எவ்வளவு அகலம் பாருங்கள். குறைவாகச் சொன்னால் குறைவாகத்தான் தெரியும். நடுக்கோட்டை மட்டும் வரைந்து காட்டாமல் முழு அகலத்தையும் காட்டுங்கள்.

"2021, 2022ஐ என்ன செய்ய?"

2021இல் இரசாயன உரத் தடை வந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள், டொலர் 200 ரூபா அளவில் இருந்து மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ரூபாவில் ஏல விலையும் கூடவே பாய்ந்தது. அந்த ஒன்றிரண்டு மாதங்களின் மீதி மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கும், இணைபை அது தனியாளாக இழுத்துவிடும். விலையை டொலரில் மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். அந்த மாதங்களை விட்டுவிட்டு இன்னொருமுறை ஓட்டுங்கள். இணைபின் அடையாளம் மாறினால் உங்கள் படம் தேயிலையைப் பற்றியதல்ல, அந்த இரண்டு மாதங்களைப் பற்றியது.

தீபாவளியையும் மறக்க வேண்டாம். அது ஒரு வருடம் ஒக்டோபரில் வரும், இன்னொரு வருடம் நவம்பரில் வரும், அதனால் மாத டம்மி அதைப் பிடிக்காது. வேலைக்கு வரும் பேர் குறைந்த அந்த நாட்களின் கொழுந்துக் குறைவு அதிர்ச்சி போல மீதிக்குள் போய் உட்கார்ந்துவிடும். தனி டம்மி ஒன்று போடுங்கள்.

"R-இல் எப்படி ஓட்டுவது?"

```r
library(vars)
m1 <- VAR(d[, c("r","q","p")], p = 2, season = 12)
summary(m1)$corres
plot(irf(m1, impulse = "p", response = "q", n.ahead = 12))
m2 <- VAR(d[, c("r","p","q")], p = 2, season = 12)
plot(irf(m2, impulse = "p", response = "q", n.ahead = 12))
```

இரண்டாவது வரி முடிந்ததும் `corres` தரும் தாயத்தைப் பாருங்கள், படத்துக்கு முன்னால். இங்கே r என்பது மழை, `p = 2` என்பது விலை அல்ல, இரண்டு மாத லாக். நிரல்களின் ஒழுங்குதான் வரிசை. பைதனில் `statsmodels` பாவிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே `irf.plot()` என்று வெறுமனே கொடுத்தால் `orth=False`, அதாவது சொலெஸ்கி செய்யாத படம். ஒரு பிள்ளை வரிசையை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, "சேர், என் தரவில் வரிசைச் சிக்கலே இல்லை" என்று மகிழ்ச்சியாக வந்தார். `orth=True` போட்டதும் இரண்டு படமும் எதிரெதிர்த் திசையில் போயின.

"ஆய்வில் இதை எவ்வளவு எழுத வேண்டும்?"

ஒரு பந்தி போதும், ஆனால் அது தோட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். "முந்தைய ஆய்வுகளைப் பின்பற்றி" என்று எழுதினால் நான் சிவப்புக் கோடு போடுவேன். "மாதத் தரவு, கொழுந்து எடுப்பதில் இருந்து ஏலம் வரை இத்தனை வாரம், அந்த மாதத்துக்குள் துரையால் மாற்றக்கூடியது இவ்வளவு, ஆகவே கொழுந்து விலைக்கு முன்" என்று எழுதுங்கள். கூடவே மீதிகளின் இணைபையும், மாற்று வரிசையின் படத்தையும், அது ஏன் நம்பத்தகாதது என்ற ஒரு வரியையும் கொடுங்கள்.